வீடியோவுக்கு விலை சொல்லும் முன் உரிமையைப் பேசுங்கள்

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே பிராண்டுகளுக்குச் சின்னச் சின்ன வீடியோ எடுத்துக் கொடுக்கிறேன். யூஜிசி என்று சொல்கிறார்களே, அந்த வேலைதான். பொருளை வாங்கிய ஒருவர் தன் வீட்டில், தன் போனில் எடுத்தது போல இருக்கும் அரை நிமிட வீடியோ. அதை என் பக்கத்தில் போடுவதில்லை. எடுத்து, வெட்டி ஒட்டி, நிறுவனத்திடம் கொடுத்துவிடுவேன். அவர்கள் தங்கள் பக்கத்தில் போடுவார்கள், விளம்பரமாகவும் ஓட்டுவார்கள். அதனால் என்னை எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் இந்த வேலைக்கு வர நினைக்கிற பெண்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, ஒரு வீடியோவுக்கு எவ்வளவு கேட்கலாம்?" என்பதுதான். அந்த வீடியோவை அவர்கள் எங்கே, எத்தனை நாள் ஓட்டப் போகிறார்கள் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. தங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒருமுறை போட்டு விடுகிற வீடியோவும், பணம் கட்டி மூன்று மாதம் லட்சக்கணக்கான பேரிடம் கொண்டுபோகிற வீடியோவும் எடுக்கிற உழைப்பில் ஒன்றுதான். நிறுவனத்துக்குத் தருகிற பலனில் ஒன்றல்ல. ஒரே ஒரு வேலையை எடுத்து, தொடக்கம் முதல் கடைசி வரை நடந்ததைச் சொல்கிறேன்.

கருப்பட்டி சுக்குக் காப்பிப் பொடி விற்கும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். அவர்களுடைய விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு பிரீஃப் அனுப்பினார், அதாவது என்ன மாதிரி வீடியோ வேண்டும் என்கிற குறிப்பு. முப்பது விநாடி வீடியோ ஒன்று, நிமிர்ந்த வடிவத்தில். அதே வீடியோவுக்கு வேறு வேறு தொடக்கம் இன்னும் இரண்டு. அதாவது முதல் மூன்று விநாடி மட்டும் மாறும், மீதி அப்படியே. பாக்கெட் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும். பேச்சு நெல்லைப் பேச்சாக இருக்க வேண்டும். வெட்டாத கிளிப்புகளும் வேண்டும். ஒரு மாதத்துக்கு வேறு காப்பி, டீ பிராண்டுக்கு வீடியோ செய்யக் கூடாது. கட்டணம் 4,000 ரூபாய். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: வீடியோவின் முழு உரிமையும் என்றென்றைக்கும் நிறுவனத்துக்கே.

பிரீஃபை நான் எப்போதும் கீழிருந்து மேலாகத்தான் படிப்பேன். விலையைத் தீர்மானிக்கிற வரி பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும்.

இங்கே நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற யூஜிசி பாடங்களில், "எழுதிக் கொடுக்காத வரை வீடியோ உங்களுடையதுதான்" என்று சொல்வார்கள். இந்தியாவில் அதை நம்பி இருக்க முடியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், ஒருவர் கேட்டுக்கொண்டு, அவர் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. திரைப்படம் என்று சட்டம் சொல்வதில் நாம் எடுக்கிற வீடியோவும் அடங்கும். ஆகவே பேசாமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு "நீங்கள் எப்படி விளம்பரத்தில் ஓட்டலாம்?" என்று கேட்டால் நம் கை தாழ்ந்துதான் இருக்கும். வேலை தொடங்கும் முன்பே, உரிமை என்னிடம்தான், இன்ன பயன்பாட்டுக்கு இன்ன காலம் மட்டும் அனுமதி என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

காலத்தை எழுதாமல் விட்டாலும் சிக்கல் உண்டு. அதே சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றிக் கொடுக்கும்போது எவ்வளவு காலம் என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த ஊருக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதற்கும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். அனுமதி மட்டும் கொடுக்கிறபோதும் இந்த விதி பொருந்தும். நீங்கள் மனதில் மூன்று மாதம் என்று நினைத்திருப்பீர்கள். தாளில் இல்லையென்றால் 5 ஆண்டு என்று அவர்கள் சொல்ல இடமிருக்கிறது.

அதனால் நான் அந்தத் தம்பிக்கு முதலில் விலை சொல்லவில்லை. போன் போட்டு மூன்று கேள்வி கேட்டேன். உங்கள் பக்கத்தில் மட்டும் போடுவீர்களா, பணம் கட்டி விளம்பரமும் ஓட்டுவீர்களா? ஓட்டினால் எத்தனை மாதம்? என் பெயரிலிருந்து விளம்பரம் போகுமா, உங்கள் பெயரிலிருந்தா? கடைசிக் கேள்வி முக்கியம். இன்ஸ்டாகிராமில் கூட்டு விளம்பரம் என்று ஒன்று இருக்கிறது. அதில் நம் கணக்கின் பெயரும் சேர்ந்து தெரியும். அதற்குத் தனி விலை வாங்க வேண்டும்.

"விளம்பரம் ஓட்டுவோம்க்கா, எங்க பேர்லதான். எத்தன மாசம்னு இப்ப சொல்ல முடியாது, நல்லாப் போச்சுன்னா ஓட்டிக்கிட்டே இருப்போம்" என்றார். மறைக்காமல் சொன்னார். நல்லாப் போகிற விளம்பரத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அப்படி ஓட ஓட எனக்கும் பணம் வர வேண்டும் என்பதுதான் என் பக்கத்து நியாயம்.

பிறகு மின்னஞ்சலில் கணக்கு அனுப்பினேன். முப்பது விநாடி வீடியோ, எடிட்டிங், ஒரு தடவை திருத்தம், அவர்கள் பக்கத்தில் ஓராண்டு வைத்துக்கொள்ள அனுமதி, எல்லாம் சேர்த்து 5,000. கூடுதல் தொடக்கம் ஒன்றுக்கு 750 வீதம் இரண்டுக்கு 1,500. விளம்பரமாக ஓட்ட மாதத்துக்கு அடிப்படைக் கட்டணத்தில் 20 சதவீதம், அதாவது 1,000. மூன்று மாதத்துக்கு 3,000. வேறு காப்பி பிராண்டுக்குச் செய்யாமல் ஒரு மாதம் காத்திருக்க 1,000. மொத்தம் 10,500. வெட்டாத கிளிப்புகள் வேண்டுமென்றால் அதற்கு மேலே 1,500. கிளிப்பைக் கொடுத்தால் அதை வைத்து அவர்களே நான்கு புது வீடியோ வெட்டிக்கொள்ளலாம், அதனால்தான் அதற்குத் தனி விலை. என்றென்றைக்கும் உரிமை என்பதற்கு நான் விலையே போடவில்லை. கொடுப்பதில்லை என்று எழுதிவிட்டேன். நாளைக்கு வேறொரு சுக்குக் காப்பிக்காரர் என்னிடம் வரும்போது, என் முகம் பழைய விளம்பரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வேலை எனக்குக் கிடைக்காது.

இவை என் விலைகள். உங்கள் எடிட்டிங், உங்கள் முகம், உங்கள் பழைய வேலைகளைப் பொறுத்து அடிப்படைத் தொகை மாறும். மாறக் கூடாதது, ஒவ்வொன்றும் தனி வரியாக இருப்பது.

அது ஏன் முக்கியம் என்று அடுத்த பேச்சிலேயே தெரிந்தது. "அக்கா, எங்களுக்கு 8,000 தான் பட்ஜெட்" என்றார். ஒரே தொகையாகச் சொல்லியிருந்தால் 10,500 ரூபாய் வேலையை 8,000க்குச் செய்து கொடுக்க வேண்டியிருக்கும். வரி வரியாக இருந்ததால் எதை எடுக்கலாம் என்று பேசினோம். ஒரு மாதக் காத்திருப்பு வேண்டாம் என்றார், 1,000 குறைந்தது. கூடுதல் தொடக்கம் ஒன்று போதும், 750 குறைந்தது. விளம்பரம் மூன்று மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம், இன்னும் 1,000 குறைந்தது. கிளிப்புகளும் வேண்டாம். 7,750க்கு முடிந்தது. விலை குறைந்த அளவுக்கு வேலையும் உரிமையும் குறைந்தன. இரண்டு பக்கமும் மனக்குறை இல்லை. பாதியை, 3,875 ரூபாயை முன்பணமாக வாங்கினேன். மீதியைக் கொடுத்த பிறகுதான் முழுத் தரக் கோப்பு. அதுவரை மேலே என் பெயர் ஓடுகிற, தரம் குறைந்த பிரதியைத்தான் பார்க்கக் கொடுப்பேன்.

ஒரு பக்கத் தாளில் இதையெல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதில் நான் விடாமல் சேர்க்கிற ஒரு வரி, இரண்டு மாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்பது. விளம்பரம் ஓடத் தொடங்கிய நாள், அல்லது கோப்பைக் கொடுத்த பதினைந்தாவது நாள், இதில் எது முந்துகிறதோ அது. இல்லாவிட்டால் கோப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து, "இப்பத்தான் ஆரம்பிக்கிறோம்" என்பார்கள்.

சரி, பிரீஃபுக்கு வருவோம். அவர்கள் அனுப்பிய வசனத்தில் இரண்டு வரிகளை நான் பேச மறுத்தேன். ஒன்று, "சர்க்கரை இருக்கிறவங்களும் பயமில்லாமக் குடிக்கலாம்." கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு மாத்திரை ஓடுகிறது. என் முகத்தை நம்பி ஒரு பெரியவர் தினமும் இரண்டு டம்ளர் குடித்தால் அந்தப் பாவம் எனக்குத்தான். மற்றது, "ஆறு மாசமா எங்க வீட்டுல இதுதான்." பாக்கெட் எனக்கு வந்தே ஒரு வாரம் ஆகவில்லை. இது மனசாட்சி விஷயம் மட்டுமில்லை. 2022இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, பொருளைப் பரிந்துரைக்கிறவர் சொல்வது அவருடைய உண்மையான கருத்தாகவும் போதுமான தகவலோ அனுபவமோ உள்ளதாகவும் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொய்யான விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். விளம்பரம் நிறுவனத்தின் பக்கத்தில் ஓடினாலும் பேசுகிற முகம் நம்முடையது.

அதற்குப் பதிலாக நான் கொடுத்த வசனம் பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதையும் நான் குடித்துப் பார்த்ததையும் மட்டும் சொன்னது: கருப்பட்டி, சுக்கு, மல்லி, மிளகு, கொதிக்கிற தண்ணீரில் ஒரு கரண்டி, தொண்டையில் இறங்கும்போது சுக்குக் காரம் நன்றாகத் தெரிகிறது. ஏற்றுக்கொண்டார்கள்.

நெல்லைப் பேச்சிலும் ஒரு திருத்தம் வேண்டியிருந்தது. மாமியாரிடம் டம்ளரை நீட்டிக்கொண்டு மருமகள் "ஏலே, குடிச்சுப் பாருலே" என்று சொல்வதாக எழுதியிருந்தார்கள். எந்த வீட்டில் அப்படிப் பேசுவார்கள்? அதை எடுத்துவிட்டு, என் மதினியைப் பக்கத்தில் உட்கார வைத்து, "மதினி, ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க, சுக்கு எப்படி ஏறுதுன்னு" என்று மாற்றினேன். மதினியின் முகமும் வருவதால் அவர்களிடமும் ஒரு தாளில் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வீட்டு ஆள்தானே என்று விடக் கூடாது. நிறுவனம் பின்னால் கேட்கும்.

படம் எடுத்ததில் ஒரு காட்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரம் எடுபட்டதே அதனால்தான். டம்ளரிலிருந்து ஆவி எழும்புகிற காட்சி. கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற ஆவி போனில் தெரியாது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்தால் வெள்ளைமேல் வெள்ளையாகக் கரைந்துபோகும். பின்னால் இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வர வேண்டும். எங்கள் அடுக்களையில் கிழக்கே ஒரு ஜன்னல். காலை ஏழு மணிக்கு மேல் அதில் மென்மையான வெளிச்சம் வரும். ஒன்பது தாண்டினால் நம் ஊர் வெயில் நேராக மேடையில் அடித்து எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடும். ஜன்னல் என் இடது பக்கம் சற்று முன்னால் இருக்கும்படி டம்ளரை வைத்து, பின்னால் மரக் கதவு தெரியும்படி போனை நிறுத்தினேன். காற்றோட்டம் இல்லாவிட்டால்தான் ஆவி நேராக எழும்பும், அதனால் மின்விசிறி நிறுத்தம். ஒலிக்கும் அதுவே நல்லது.

அடுத்தது வெளிச்ச அளவு. கருப்பட்டிக் காப்பி கறுப்பு, எவர்சில்வர் டம்ளர் பளபளப்பு. போன் இரண்டையும் பார்த்துக் குழம்பி, கை அசையும்போதெல்லாம் படத்தை ஒருமுறை பிரகாசமாக்கும், ஒருமுறை இருட்டாக்கும். டம்ளரின் விளிம்பில் விரலை அழுத்திப் பிடித்துப் போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, அளவைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். ஆவி அப்போதுதான் திரண்டு தெரிந்தது. பூட்டாமல் எடுத்ததா என்று கண்டுபிடிப்பது சுலபம்: வீடியோவைப் போட்டுப் பின்னாலிருக்கும் கதவை மட்டும் பாருங்கள், அதன் நிறம் நடுவில் மாறினால் பூட்டவில்லை.

டியூப் லைட்டை அணைத்துவிட்டேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் விநாடிக்கு 30 பிரேமில் எடுத்தால் படத்தில் மெல்லிய பட்டைகள் ஓடும். விளக்கில்தான் எடுக்க வேண்டும் என்றால், ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடிகிற செயலியில் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கும். எச்.டி.ஆர். வசதியையும் அணைத்துவிடுவேன். அது இருந்தால் என் போனில் பளிச்சென்று தெரிகிற நிறம், எடிட் செய்து வேறொரு போனில் பார்க்கும்போது வெளிறிப்போவதுண்டு. கருப்பட்டி நிறம் சாம்பலாகத் தெரிந்தால் யார் வாங்குவார்கள்? பாக்கெட் மினுமினுப்பானது, ஜன்னல் அதில் வெள்ளைத் திட்டாக விழுந்தது. கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துப் பிடித்ததும் பெயர் தெளிவாகிவிட்டது.

எழுத்துகளை வைக்கிற இடம் பலருக்கும் தெரிவதில்லை. ரீல்ஸில் கீழ்ப்பகுதியில் நிறுவனத்தின் பெயரும் வாங்குவதற்கான பொத்தானும் வந்து மறைக்கும். கீழே மூன்றில் ஒரு பங்கையும் மேலே சிறிது இடத்தையும் காலியாக விட்டு, நடுவில்தான் வசனத்தைப் போட்டேன். பாட்டு எதுவும் சேர்க்கவில்லை. இன்ஸ்டாகிராமில் எல்லோரும் போடுகிற சினிமாப் பாட்டை விளம்பரத்துக்குப் பயன்படுத்த உரிமை கிடையாது. கரண்டி டம்ளரில் படுகிற சத்தமும் எங்கள் பேச்சுமே போதும். இசை வேண்டுமென்றால் உரிமம் பெற்றதை அவர்களே சேர்த்துக்கொள்ளட்டும். கோப்பை கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும்.

வேலை இங்கே முடிந்துவிடவில்லை. விளம்பரம் எப்போது தொடங்கியது, இன்னும் ஓடுகிறதா என்று அவர்களைக் கேட்காமலே பார்க்கலாம். facebook.com/ads/library என்ற பக்கத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, எல்லா விளம்பரங்களும் என்று கொடுத்து, நிறுவனத்தின் பெயரைத் தேடினால், பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இப்போது அவர்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் விளம்பரங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் தொடங்கிய நாள் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கணக்கு கூடத் தேவையில்லை. தொடங்கிய நாளன்று ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் முடிகிற வாரத்தில், "இன்ன தேதியோடு அனுமதி முடிகிறது, நீட்டிக்க வேண்டுமென்றால் மாதம் 1,000" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இல்லை. தேதி தாண்டிப் பார்த்தால் விளம்பரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. இந்தப் பக்கத்தில் சாதாரண விளம்பரங்கள் ஓடுகிறவரைதான் தெரியும், நிறுத்திய பிறகு காணாமல் போய்விடும். ஆகையால் அன்றைக்கே தேதி தெரியும்படி இன்னொரு ஸ்கிரீன்ஷாட்.

அதையும் கையெழுத்திட்ட தாளையும் சேர்த்து அனுப்பினேன். கோபமாக எதுவும் எழுதவில்லை. முடிந்த தேதி, இன்று ஓடுவதற்கான படம், இரண்டு மாத நீட்டிப்புக்கான பில். மறுநாள் அந்தத் தம்பி கூப்பிட்டார். விளம்பரத்தை அமைக்கும்போது முடியும் தேதி போடவில்லை, போடாவிட்டால் நாமாக நிறுத்துகிற வரை அது ஓடும், மறந்துவிட்டோம் என்றார். நல்லாப் போகிறது, இரண்டு மாதம் நீட்டிக்கிறோம் என்று 2,000 அனுப்பினார்கள். அதுவரை பேச்சோடு இருந்ததை இப்போது தாளிலேயே ஒரு வரியாக வைத்திருக்கிறேன்: விளம்பரம் அமைக்கும்போதே முடிவுத் தேதி போட வேண்டும், தாண்டி ஓடினால் தொடங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் நீட்டிப்புக் கட்டணம் தானாகச் சேரும்.

பணம் வந்தபோது டிடிஎஸ் பிடித்திருந்தால் எவ்வளவு என்று கேட்டு, வருமான வரித் தளத்தில் அது என் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன். பில்லிலும் வீடியோ தயாரிப்பு ஒரு வரி, விளம்பர அனுமதி இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று இன்னொரு வரி. அடுத்த முறை இதே நிறுவனம் கேட்கும்போது, அந்தப் பழைய பில்லை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறேன்.